பற்பொடி என்னும் பெயரில் புகையிலை: மகாராஷ்டிரத்து மிஸ்ரியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் பல பகுதிகளில் புகையிலை, பல் துலக்கும் பொடியாகவும் பசையாகவும் பயன்பட்டு வருகிறது. மகாராஷ்டிரத்தில் வழங்கும் மிஸ்ரி அவற்றுள் ஒன்று. இதனைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் பெண்கள். தாம் புகையிலையை உட்கொள்வதாக அவர்களுள் பலர் கருதுவதில்லை. மிஸ்ரி தயாரிக்கப்படும் முறை, அதிலுள்ள நிகோட்டின் ஈறுகளின் வழியாக உடலில் சேரும் விதம், அது தரும் போலியான நலவுணர்வு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அத்துடன் 1992ஆம் ஆண்டுத் தடைக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இடையே இப்பொருள்கள் நிற்கும் நிலையையும், மருத்துவரிடமும் கள ஆய்வாளரிடமும் இப்பழக்கம் மறைந்துபோகும் காரணத்தையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மிஸ்ரி, குடாகு, குல், சிவப்புப் பற்பொடி, நிகோட்டின், புகையில்லாப் புகையிலை, வாய் நலம்.

முன்னுரை

புகையிலையை மெல்லுபவருக்கும் மூக்கில் பொடி இடுபவருக்கும் தாம் செய்வது இன்னதென்று தெரியும். அது தீங்கானது என்று அறிந்தும் விடமுடியாமல் இருக்கலாம். தீங்கை நம்பாமலும் இருக்கலாம். ஆனால் கையிலிருப்பது புகையிலை என்பதில் அவர்களுக்கு ஐயம் இருப்பதில்லை. காலையில் ஆள்காட்டி விரலால் கரிய பொடியைத் தொட்டுப் பல்லில் தேய்க்கும் பெண்ணின் நிலை வேறு. அவர் ஒரு பழக்கத்திற்கு ஆட்பட்டிருப்பதாகத் தம்மை எண்ணுவதில்லை. அன்றாடத் தூய்மைக் கடமை ஒன்றைச் செய்வதாகவே எண்ணுகிறார். புகையிலைக் கட்டுப்பாட்டுப் பரப்புரைகளின் வழக்கமான உத்தி, தீங்கை எடுத்துக் கூறுவதாகும். புகையிலை என்றே கருதப்படாத ஒன்றின் முன் அந்த உத்தி வலுவிழக்கிறது.

இத்தகைய பொருள்கள் பல பெயர்களில் உள்ளன. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்கண்ட், பீகார் ஆகிய மாநிலங்களில் குடாகு என்னும் பசை வழங்குகிறது. புகையிலைத் தூளுடன் வெல்லப்பாகு, சுண்ணாம்பு, செம்மண், நீர் ஆகியன சேர்த்துப் பிசையப்படுவது அது. கிழக்கு இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் குல் என்ற பொடி சிறு தகரக் குப்பிகளில் விற்கப்படுகிறது. கோவா முதலிய இடங்களில் பற்பசைக் குழாயிலேயே அடைக்கப்பட்ட புகையிலைப் பசை விற்கப்பட்டுள்ளது. அதில் கிராம்பு எண்ணெய், கிளிசரின், புதினா, கற்பூரம் முதலியன கலக்கப்படும். பசை வாயில் சிறிது நேரம் தங்கியபின் கொப்பளிக்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பாளர் தரும் அறிவுரை. பல்லைத் தூய்மை செய்வதற்கு அந்தக் காத்திருப்புத் தேவையில்லை. நிகோட்டின் உட்செல்வதற்கே அது தேவை. இவை அனைத்தையும் ஒருசேர விரிப்பதைவிட, மிஸ்ரி ஒன்றை எடுத்துக்கொண்டு, தேவையான இடத்தில் பிறவற்றைச் சுட்டுவது தெளிவு தரும்.

மிஸ்ரி தயாராகும் முறை

இந்தியில் மிஸ்ரி என்றால் கற்கண்டு. மராத்தியில் அதே ஒலிப்புடைய சொல் வறுத்த புகையிலைப் பொடியைக் குறிக்கிறது. மஷேரி என்றும் வழங்கும். தயாரிப்பு முறை மிக எளிது. உலர்ந்த புகையிலைத் துண்டுகளை அடுப்பிலுள்ள இரும்புத் தோசைக்கல் போன்ற தட்டில் பரப்பி, கிளறிக்கொண்டே வறுக்கிறார்கள். இலை முதலில் பழுப்பாகிப் பின்னர் கருகிக் கரிய நிறம் அடைகிறது. ஆறியதும் நொறுக்கிப் பொடியாக்குகிறார்கள். வறுத்த பொடி கடைகளிலும் கிடைக்கிறது என்றாலும், பல வீடுகளில் இது சமையலறையிலேயே தயாராகிறது.

சமையலறையில் தயாராவது என்ற செய்தி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் தவறான நம்பிக்கையின் ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது. இப்பொடி மசாலாப் பொருள்களை வறுக்கும் அதே கருவியில், அதே கைகளால் செய்யப்படுகிறது. வறுத்த பொருளின் ‘பச்சைத்தன்மை’ போய்விடும் என்ற சமையல் அறிவு புகையிலைக்கும் பொருத்தப்படுகிறது. மேலும் கரி, உமிச்சாம்பல், உப்பு ஆகியவற்றால் பல் துலக்கிய நெடிய மரபு இந்தியாவெங்கும் உண்டு. கருகிய கரும்பொடி அந்த மரபின் வரிசையில் ஐயத்திற்கு இடமின்றி வந்து அமர்ந்துகொள்கிறது.

வறுத்தல் உண்மையில் செய்வது வேறு. வெப்பத்தால் நிகோட்டினில் ஒரு பகுதி ஆவியாகலாம். ஆனால் பொடியைப் பழக்கத்திற்குரியதாக வைத்திருக்கும் அளவு எஞ்சி நிற்கிறது. புகையிலையைப் பதப்படுத்தும்போது உருவாகும் நைட்ரசமீன் வகைச் சேர்மங்களும் மிஸ்ரியில் காணப்படுகின்றன. இவற்றோடு, கரிமப்பொருள் அரைகுறையாக எரியும்போது தோன்றும் பென்சோபைரீன் போன்ற பல்வளைய ஐதரோகார்பன்கள் புதிதாகச் சேர்கின்றன. வறுக்காத மெல்லும் புகையிலையில் முதல் வகை நச்சுகள் முதன்மையாக உள்ளன. எரியும் பீடியின் புகையில் இரு வகையும் உள்ளன. மிஸ்ரி இந்த வகையில் பீடிக்கு நெருங்கிய உறவு. புகை வெளியேறிவிட்டது, ஆனால் கருகலின் விளைபொருள் பொடியிலேயே தங்கி ஈறில் தேய்க்கப்படுகிறது. புகையில்லாப் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் பிரிவுப் பொருளாக உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. வாய், உணவுக்குழாய், கணையம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன.

ஈறின் வழியே நிகோட்டின்

பல்லில் தேய்த்துத் துப்பிவிடும் பொருள் உடலுக்குள் எவ்வாறு செல்லும் என்ற கேள்வி, பயன்படுத்துவோரிடம் மட்டுமின்றிப் படித்தவர்களிடமும் எழுவதுண்டு. விழுங்கினால்தான் உட்செல்லும் என்பது பொதுவான எண்ணம். வாயின் உட்படலம் மெல்லியது. அதன் கீழே நுண்குருதிக் குழாய்கள் நிறைந்துள்ளன. மின்னூட்டம் இல்லாத நிகோட்டின் மூலக்கூறு இப்படலத்தை எளிதில் கடக்கிறது. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு அவ்வாறு கடப்பதில்லை. எது எவ்வளவு இருக்கும் என்பதைச் சுற்றியுள்ள கார அமில நிலை தீர்மானிக்கிறது.

நிகோட்டினின் அயனியாக்க மதிப்பு ஏறத்தாழ 8 ஆகும். ஆகவே pH அளவு 8 உள்ள சூழலில் சரிபாதி நிகோட்டின் கடக்கும் வடிவில் இருக்கும். pH 6 ஆகக் குறைந்தால் அது நூற்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். pH 9 ஆக உயர்ந்தால் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் கடக்கும் வடிவுக்கு மாறிவிடும். குடாகுவில் சுண்ணாம்பு சேர்வதன் பயன் இக்கணக்கிலிருந்து விளங்கும். பல்லை வெண்மையாக்கவே சுண்ணாம்பு என்று பயன்படுத்துவோர் கருதலாம். அது நிகோட்டினுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. வெற்றிலையோடு சுண்ணாம்பும் புகையிலையும் சேரும்போதும் இதே வேதியியல்தான் நிகழ்கிறது.

காரத்தன்மை குறைந்த பொடிகளில் வாயில் வைத்திருக்கும் நேரமும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துதலும் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. சாதாரணப் பற்பொடியால் பல் துலக்கும் வேலை இரண்டு, மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். காலையில் ஒருமுறை, மிஞ்சினால் இரவில் ஒருமுறை. மிஸ்ரி பழகியவர் அதனை ஈறில் பூசிச் சிறிது நேரம் அப்படியே வைத்திருப்பார். வேலைக்கு இடையிலும், உணவுக்குப் பின்னும், தூக்கத்திற்கு முன்னும் மீண்டும் எடுப்பார். பற்பொடியா, புகையிலையா என்பதை அறிய ஆய்வகம் இல்லாத இடத்தில், ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற இரு வினாக்களே போதிய சான்று தந்துவிடும்.

நலம் தருவதாகத் தோன்றும் விதம்

மிஸ்ரியால் பல்வலி குறைகிறது, ஈறு கெட்டிப்படுகிறது, காலைக்கடன் எளிதாகிறது என்று பயன்படுத்துவோர் கூறும் மூன்றையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் இப்பழக்கத்தின் பிடி புரியாது. அவர்கள் சொல்வது அவர்களது உடலில் உண்மையாகவே நிகழ்கிறது. நிகழ்ச்சி உண்மை; அதற்குக் கொடுக்கும் விளக்கமே பிழை.

நிகோட்டின் மூளையைத் தூண்டி வலியுணர்வைத் தற்காலிகமாக மட்டுப்படுத்துகிறது. குழாய்ப் பசைகளில் இதனோடு கிராம்பு எண்ணெயும் கற்பூரமும் சேர்ந்து ஈறை மரத்துப்போகச் செய்கின்றன. சொத்தை அப்படியே இருக்க, வலி மட்டும் சற்று அடங்குகிறது. அடங்கிய வலி மருந்து வேலை செய்ததன் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. நிகோட்டினுக்குக் குருதிக் குழாய்களைச் சுருக்கும் இயல்பும் உண்டு. ஈறுநோயின் தொடக்க அறிகுறி துலக்கும்போது தோன்றும் குருதிக் கசிவாகும். குழாய்கள் சுருங்கும்போது அந்த அறிகுறி மங்கக்கூடும். நோயாளியின் கண்ணுக்கு ஈறு ‘கெட்டிப்பட்டதாக’த் தெரியும் நேரத்தில், பொடி தேய்க்கும் இடத்தில் ஈறு பின்வாங்கிப் பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியத் தொடங்கியிருக்கும்.

குடல் இயக்கத்தையும் நிகோட்டின் தூண்டும். பல ஆண்டுகள் பழகியவர் ஒரு நாள் மிஸ்ரி எடுக்காவிட்டால் அவருக்கு மலச்சிக்கல் ஏற்படுகிறது, தலை கனக்கிறது, எரிச்சல் வருகிறது. இவை நிகோட்டின் கிடைக்காததன் விலகல் அறிகுறிகள். ஆனால் அவருக்கு இது ‘பல் துலக்காததால் வந்த உபாதை’. பொடியைத் தேய்த்ததும் மூன்றும் சரியாகிவிடுகின்றன. அவரது விளக்கம் உறுதிப்பட்டுவிடுகிறது. மற்றப் புகையிலைப் பழக்கங்களில் விலகல் துன்பம் ‘அடிமைத்தனம்’ என்று பெயர்பெறும். இங்கே அது ‘அழுக்கு’ என்று பெயர்பெறுகிறது.

இதனோடு சமூக மதிப்பும் சேர்கிறது. பெண் பீடி புகைப்பது இழிவாகக் கருதப்படும் வீட்டிலும் அவள் பல் துலக்குவதை யாரும் தடுப்பதில்லை. பல்வலி என்று அழும் சிறுமிக்குத் தாயோ பாட்டியோ அன்போடு விரலில் தொட்டுக் கொடுக்கும் முதல் மருந்தாகவும் இதுவே அமைந்துவிடுகிறது. மும்பையில் கருவுற்ற 1,217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்களுள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினர். அவ்வகையில் மிகுதியாகப் பயன்பட்டது மிஸ்ரி. பயன்படுத்திய பெண்களின் குழந்தைகள் பிற காரணிகளைக் கணக்கிட்ட பின்னும் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. இது புகையில்லாப் புகையிலை அனைத்துக்குமான எண்ணே தவிர மிஸ்ரிக்கு மட்டும் உரியதன்று; எனினும் ‘வாயோடு நின்றுவிடும் பொடி’ என்ற நம்பிக்கையை இது தகர்த்துவிடுகிறது.

சட்டத்தின் இரு முகங்கள்

1992 ஏப்ரல் 30ஆம் நாள் நடுவண் அரசு, மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. புகையிலை கலந்த பற்பசை, பற்பொடி ஆகியவற்றை ஆயுர்வேத மருந்து என்னும் உரிமத்தில் தயாரிப்பதையும் விற்பதையும் அது தடைசெய்தது. பற்பொடித் தயாரிப்பாளர் தரப்பு இதனை எதிர்த்து வழக்காடியது. 1997இல் லட்சுமிகாந்த் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது.

இத்தடையின் பின்விளைவுகளுள் ஒன்று சிவப்புப் பற்பொடியில் வெளிப்பட்டது. தடைக்கு முன்னர் உறையில் புகையிலை ஒரு சேர்மானமாக அறிவிக்கப்பட்டிருந்தது. பின்னர் அந்த அறிவிப்பு மறைந்தது. புகையிலை உண்டென்று அறிவிக்காத ஐந்து சிவப்புப் பற்பொடி மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, ஒரு கிராம் பொடியில் 9.3 மில்லிகிராம் முதல் 248 மில்லிகிராம் வரை புகையிலை இருந்தது தெரியவந்தது. பின்னைய எண்ணின்படி பொடியில் கால் பங்கு புகையிலை. உறையைப் படித்துப் பார்த்து வாங்கும் நுகர்வோர்கூட இதனை அறிய வழியில்லை. அறியாமையைப் பயன்படுத்துவோரின் குறையாக மட்டும் பேசும் கட்டுரைகள் இந்த இடத்தைக் கடந்து போய்விடுகின்றன.

2003இல் இயற்றப்பட்ட சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் வேறொரு நோக்கில் அமைந்தது. அதன் அட்டவணை சிகரெட், பீடி, மூக்குப்பொடி, குட்கா ஆகியவற்றோடு ‘புகையிலை கலந்த பற்பொடி’யையும் ஒரு புகையிலைப் பொருளாகப் பட்டியலிடுகிறது. விளம்பரத் தடை, சிறாருக்கு விற்கத் தடை, எச்சரிக்கைப் படம் ஆகியன அப்பட்டியலில் உள்ள பொருள்களுக்குப் பொருந்தும். ஒரு சட்டத்தின்படி மருந்தாகச் செய்யக்கூடாத பொருள், மற்றொரு சட்டத்தின்படி எச்சரிக்கையோடு விற்கக்கூடிய பொருளாக நிற்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முன்னது மருந்தென்று கூறிக்கொள்வதைத் தடுக்கிறது, பின்னது புகையிலை என்று ஒப்புக்கொள்வதை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் வீட்டில் வறுக்கப்படும் மிஸ்ரி இரண்டிலும் அகப்படுவதில்லை. கடைக்காரர் விற்பது புகையிலை இலை. அது பற்பொடியாவது அடுப்பங்கரையில். அங்கே உறையுமில்லை, எச்சரிக்கைப் படமுமில்லை.

கேட்கப்படும் வினாவும் கிடைக்கும் விடையும்

2016-17ஆம் ஆண்டு உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோருள் 3.8 விழுக்காட்டினர் மிஸ்ரி, குல், குடாகு போன்று வாயில் பூசும் புகையிலையைப் பயன்படுத்தினர். பெரும்பாலான புகையிலைப் பொருள்களில் ஆண்கள் முந்தி நிற்க, இந்த ஒரு வகையில் பெண்களின் பங்கு மிகுதி. இளையோரைப் பற்றிய செய்தி இன்னும் வியப்பூட்டுவது. புகையிலைப் பொருள்களைப் பல் துலக்கப் பயன்படுத்திய மாணவர்களின் விழுக்காடு கோவாவில் 6 முதல் பீகாரில் 68 வரை வேறுபட்டதாக 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இவ்வளவு பரவலான பழக்கம் மருத்துவக் குறிப்பேடுகளில் அரிதாகவே பதிவாவதன் காரணம் வினாவின் அமைப்பில் உள்ளது.

புனே வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பல் கூச்சம் என்று வரும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். “புகையிலைப் பழக்கம் உண்டா?” என்று மருத்துவர் கேட்கிறார். “இல்லை” என்கிறார் அவர். அவர் பொய் கூறவில்லை. குறிப்பேட்டில் ‘பழக்கம் ஏதுமில்லை’ என்று பதிவாகிறது. “எதனால் பல் துலக்குகிறீர்கள்?” என்று வினா மாறினால் “மிஸ்ரி” என்ற விடை தயக்கமின்றி வருகிறது. ஒரு நாளில் எத்தனை முறை என்று கேட்டால் நான்கோ ஐந்தோ என்பார். ஒரு நாள் தேய்க்காவிட்டால் என்னவாகும் என்று கேட்டால் தலைவலியையும் வயிற்றையும் சொல்வார். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுவா என்ற வினா, சார்பு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டிவிடும். இவ்வினாக்களுள் ஒன்றிலும் புகையிலை என்ற சொல் இல்லை.

பின்னர் வாயைப் பார்க்கும்போது தேடவேண்டிய இடமும் தெளிவாகிறது. வலக்கை விரல் வழக்கமாகச் சென்று தேய்க்கும் பகுதி எது என்று நோயாளியையே காட்டச் சொல்லலாம். அவ்விடத்தில் ஈறு பின்வாங்கியிருத்தல், பல்லின் கழுத்துப் பகுதி தேய்ந்திருத்தல், பழுப்புக் கறை, துடைத்தாலும் நீங்காத வெண்படலம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காணப்படலாம். துடைத்தால் போகாத வெண்படலம் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமாக இருக்கக்கூடும். எனவே கண்ணால் பார்த்து அமைதி கொள்ளாமல் திசுச் சோதனைக்கு அனுப்புவது முறை. கூச்சத்திற்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால் அவர் வீடு சென்று அதே மிஸ்ரியைச் சற்றுக் கூடுதலாகத் தேய்ப்பார். வலிக்கு அவர் அறிந்த மருந்து அதுவே.

ஐயம் நீடிக்கும் இடத்தில் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ கோட்டினின் அளவைச் சோதிக்கலாம். நிகோட்டின் உடலில் சிதைந்து உருவாகும் இச்சேர்மம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. ஆகவே கடந்த சில நாள்களின் பயன்பாட்டை அது காட்டிக்கொடுக்கும். சிவப்புப் பற்பொடியில் புகையிலை கலந்திருப்பதை அறியாதவரிடத்தும் இது பயன்படும். எந்தப் பொருளிலிருந்து நிகோட்டின் வந்தது என்பதை மட்டும் இச்சோதனை சொல்லாது. நிகோட்டின் மெல்லுப்பசை பயன்படுத்துபவரிடமும் இதே விடை கிடைக்கும். பிறர் புகைத்த புகையைச் சுவாசித்தவரிடம் மிகக் குறைந்த அளவில் தோன்றும்.

ஒடிசா, பீகார், ஜார்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து திருப்பூரிலும் சென்னையைச் சூழ்ந்த தொழிற்பகுதிகளிலும் பணிபுரியும் தொழிலாளர்களைப் பரிசோதிக்கும் தமிழகப் பல் மருத்துவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. குடாகு, குல் என்ற பெயர்கள் இங்குள்ள நோயாளர் வரலாற்றுப் படிவங்களில் இடம்பெறாவிட்டால், அவற்றுக்குரிய விடையும் எழுதப்படாது. படிவத்தில் ‘புகையிலை’ என்ற கட்டத்திற்கு முன்பாக ‘பல் துலக்கப் பயன்படுத்துவது’ என்ற கட்டத்தை வைத்து, அதன் கீழ் மிஸ்ரி, குல், குடாகு, சிவப்புப் பற்பொடி என்று பெயர்களை அச்சிடுவதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. கட்டங்களின் வரிசை முக்கியமானது: புகையிலை பற்றிய வினாவுக்கு ‘இல்லை’ என்று கூறிவிட்டவர், அதன்பின் கேட்கப்படும் பொருள்களையும் அந்த மறுப்புக்கு ஏற்பவே நினைவுகூர்வார்.